மெஷின் கார்டை விழுங்கினால்: முதல் பத்து நிமிடம்

இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால் இருக்கும். மன்னார்குடியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதற்கும் பதறாத மனிதர். அன்று குரல் நடுங்கியது.

"ஏம்ப்பா, மெஷின் என் கார்டை முழுங்கிடுச்சு. வெளியவே வரமாட்டேங்குது."

"எந்த மெஷின் சித்தப்பா? உங்க பேங்க்கோடதா?"

"இல்லப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வேற பேங்க் மெஷின். இங்க ஒரு தம்பி நிக்கிறாரு. பின் நம்பரை இன்னொரு தடவை அடிச்சு கேன்சலை அமுக்கினா வந்துடும்ங்கிறாரு. அடிக்கட்டுமா?"

"வேண்டாம். ஒண்ணும் அடிக்காதீங்க. அங்கயே நில்லுங்க, போனை வெக்காதீங்க."

அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் செய்ததும், அதற்கப்புறம் புதுக் கார்டு வரும்வரை நடந்ததும்தான் இந்தக் கட்டுரை. கார்டு மாட்டிக்கொண்டால் நம் மனம் முழுக்க அதை எப்படி வெளியே எடுப்பது என்பதிலேயே நிற்கும். ஆனால் கார்டு வெறும் பிளாஸ்டிக். சில நூறு ரூபாய்க்கு இன்னொன்று கிடைக்கும். அதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பூட்டுவதுதான் முதல் வேலை. இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்களிடம்தான் பணம் பறிபோகிறது.

மெஷின் எப்போது பிடித்துக்கொள்ளும்?

நம் ஊரில் இரண்டு வகை ஏ.டி.எம்.கள் இருக்கின்றன. ஒரு வகையில் கார்டின் நுனியைக் காட்டினால் போதும், உள்ளே இருக்கும் மோட்டார் கார்டை முழுசாக இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதுவே வெளியே தள்ளும். இன்னொரு வகையில் நாமேதான் கார்டைச் செருக வேண்டும். கார்டின் ஒரு பகுதி எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிப் கார்டுகள் வந்தபிறகு இந்த வகை மெஷின்கள் பரிவர்த்தனை முடியும்வரை கார்டை ஒரு சின்னக் கொக்கியால் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் பாதியில் இழுத்தால் வருவதில்லை.

இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். கார்டின் பாதி வெளியே தெரிகிற மெஷினால் எந்தக் கார்டையும் விழுங்க முடியாது. மின்சாரம் போனாலோ கொக்கி இறுகினாலோ கார்டு அசையாமல் நிற்கலாம், அவ்வளவுதான். அப்போது முரட்டுத்தனமாக இழுக்கக்கூடாது, சிப் உடைந்துவிடும். கேன்சலை அமுக்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் கொக்கி தளரும். அந்த வகை மெஷினில் கார்டு முழுசாகவே உள்ளே போய்விட்டது என்றால், மெஷினுக்கு வெளியே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

மோட்டார் உள்ள மெஷின் தானாகவே கார்டைப் பிடித்துக்கொள்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மெஷின் வெளியே தள்ளிய கார்டை நாம் அரை நிமிடத்துக்குள் எடுக்காமல் விட்டால், மறந்துபோன கார்டை அடுத்தவர் எடுத்துவிடக்கூடாது என்று அது திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். போனில் பேசிக்கொண்டே பணம் எடுப்பவர்கள் இழக்கும் கார்டுகள் இப்படிப் போனவைதான்.

கார்டு கொடுத்த வங்கியே பிடித்துவைக்கச் சொல்வது இரண்டாவது காரணம். நாம் பின் நம்பர் அடித்ததும் மெஷின் அந்த வங்கியின் கணினியைக் கேட்கிறது. பதில் ஒரு சின்ன எண் குறியீடாக வரும். பணம் கொடு, கொடுக்காதே என்பதைப் போலவே, கார்டைத் திருப்பிக் கொடுக்காதே என்பதற்கும் ஒரு குறியீடு இருக்கிறது. தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ பதிவான கார்டுகளுக்கு இது போகும். பழைய கார்டைத் தொலைத்துவிட்டதாக பிளாக் செய்து, பிறகு வீட்டு அலமாரியில் கண்டுபிடித்து மறுபடி செருகுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். பின் நம்பரை மூன்று முறை தவறாக அடித்தால் பெரும்பாலும் கார்டு அன்றைக்கு முடங்குமே தவிர, மெஷினுக்குள் போவதில்லை.

மூன்றாவது காரணம் மின்தடை, கோளாறு, வளைந்த கார்டு போன்றவை. மெஷின் மறுபடி உயிர்பெறும்போது உள்ளே இருக்கும் கார்டை ஒன்று வெளியே தள்ளும், இல்லையென்றால் பிடித்துவைக்கும். திரை அணைந்துபோனால் அவசரப்பட்டு நகராமல், அது மறுபடி வரவேற்புப் பக்கத்துக்கு வரும்வரை நிற்க வேண்டும். நாம் நகர்ந்த பிறகு கார்டு வெளியே வந்தால், அது அடுத்து வருகிறவர் கையில்தான் கிடைக்கும்.

இந்த மூன்றிலும் ஒரு பொது அடையாளம் உண்டு. மெஷின் தெரிந்தே பிடித்துவைத்தால் அதைச் சொல்லிவிடும். 'உங்கள் கார்டு பிடித்துவைக்கப்பட்டுள்ளது, வங்கியை அணுகவும்' என்று திரையில் வரும். பல மெஷின்கள் சீட்டும் அச்சடித்துத் தரும். அப்படி எதுவும் வராமல், கார்டு உள்ளே போன பின்பும் திரையில் 'கார்டைச் செருகவும்' என்றே இருந்தால், கார்டு உள்ளே வந்தது மெஷினுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். அப்படியானால் அது வாசலிலேயே எதிலோ சிக்கியிருக்கிறது.

சித்தப்பாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "திரையில என்ன எழுதியிருக்கு?"

"அதேதான்ப்பா. கார்டைச் செருகவும்னு போட்டிருக்கு."

வாசலில் ஒரு கண்ணி

இந்தத் தந்திரம் உலகம் முழுக்கப் பழையது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் போன்ற மெல்லிய, வழுவழுப்பான நாடாவை மடித்து, கார்டு போகும் துளைக்குள் பைபோலச் செருகிவிடுவார்கள். அதன் இரு நுனிகளும் துளைக்கு வெளியே, விளிம்போடு ஒட்டப்பட்டிருக்கும். நாடாவில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். கார்டு உள்ளே போகும்போது வெட்டு வழிவிடும், திரும்பும்போது கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். மெஷினால் கார்டைப் படிக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. நமக்கோ மெஷின் விழுங்கிவிட்டது போலத் தோன்றும். நாம் போனதும் ஆள் வந்து ஒட்டிய நுனிகளை உரித்து இழுத்தால் நாடாவோடு கார்டும் கையில் வரும். நாடாவுக்குப் பதில் துளைக்குள் பசையைத் தடவுகிறவர்களும் உண்டு.

கார்டு மட்டும் கிடைத்தால் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க முடியாது, பின் நம்பர் வேண்டும். அதற்காகத்தான் அந்த 'உதவிக்காரத் தம்பி' பக்கத்தில் நிற்கிறார். இன்னொரு முறை பின் அடியுங்கள் என்பார், பக்கத்தில் நின்று விரலைப் பார்ப்பார். வட இந்திய நகரங்களில் காவல்துறை பிடித்த சில கும்பல்கள் இதைவிட ஒரு படி மேலே போயிருக்கின்றன. மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் 'கஸ்டமர் கேர்' என்று ஒரு செல்போன் நம்பரை எழுதியோ ஒட்டியோ வைத்துவிடுவார்கள். கார்டு மாட்டிய பதற்றத்தில் நாம் அந்த நம்பருக்கே போன் செய்வோம். மறுமுனையில் பேசுகிறவர் மரியாதையாகப் பேசி, பின்னை அடிக்கச் சொல்வார். 'எஞ்சினியர் நாளைக் காலையில் வந்து எடுத்துக் கொடுப்பார், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பிவைப்பார். நம்மை அங்கிருந்து கிளப்புவதுதான் அவர்களுக்கு வேண்டியது.

மெஷின் ஒரு கார்டைப் பிடித்துவிட்டால், பின் அடிப்பதால் அது திரும்பி வராது. அப்படி ஒரு வசதியே எந்த மெஷினிலும் கிடையாது. வங்கி ஊழியர் யாரும் நம் பின் நம்பரைக் கேட்க மாட்டார். இந்த இரண்டையும் மனதில் வைத்திருந்தால் கண்ணி வைத்தவருக்குக் கார்டு கிடைக்கலாம், பின் கிடைக்காது.

கண்ணியைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது. கார்டு செருகும் முன் துளையின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கலாம். பசை பிசுபிசுக்கும், ஃபிலிமின் நுனி நகத்தில் தட்டும். கார்டு மாட்டிய பிறகு விளிம்பில் நாடா நுனி தெரிந்தால் அதைக் கையால் பிடித்துக்கொண்டே வங்கிக்கும், அவசரம் என்றால் 112க்கும் போன் செய்யலாம். மெதுவாக இழுத்ததில் கார்டே வெளியே வந்துவிட்டால் நல்லதுதான். கத்தி, கம்பி எதையும் துளைக்குள் விட வேண்டாம்.

முதல் பத்து நிமிடம்

கார்டை பிளாக் செய்ய வங்கியின் எண் வேண்டும். அந்த எண் எங்கே இருக்கிறது? கார்டின் முதுகில். கார்டு எங்கே? மெஷினுக்குள். இந்தச் சிக்கல்தான் மக்களைச் சுவரில் இருக்கும் நம்பரை நோக்கித் தள்ளுகிறது. கூகுளில் தேடினாலும் போலி நம்பர்கள் வந்து நிற்கும். தேடித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கியின் சொந்த இணையதளத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி வங்கிகளின் தளங்கள் இப்போது .bank.in என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. அந்த முடிவு இல்லாத பக்கத்தை நம்ப வேண்டாம். பாஸ்புக்கின் அட்டையிலும் பெரும்பாலும் எண் இருக்கும்.

பிளாக் செய்ய மூன்று வழிகள் உண்டு. ஆப் இருந்தால் அதுதான் வேகம். கார்டு பகுதிக்குள் போனால், தற்காலிகமாக முடக்குவது ஒரு பொத்தான், நிரந்தரமாக பிளாக் செய்வது இன்னொரு பொத்தான். முதலாவதை நாமே திரும்பத் திறக்கலாம். இரண்டாவதைச் செய்தால் அந்தக் கார்டின் ஆயுள் முடிந்தது. மெஷின் அருகில் நிற்கும்போது தற்காலிக முடக்கத்தை அமுக்கிவிடுவது நல்லது. நிரந்தரமா என்பதை ஐந்து நிமிடம் கழித்து, மூச்சு சீரான பிறகு முடிவு செய்யலாம்.

ஆப் இல்லாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். ஸ்டேட் வங்கிக் கார்டு என்றால், பதிவுசெய்த கைபேசியிலிருந்து BLOCK என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கார்டின் கடைசி நான்கு எண்களைச் சேர்த்து 567676க்கு அனுப்ப வேண்டும்:

```
BLOCK 4821
```

இங்கே 4821 என்பது உதாரணம். மற்ற வங்கிகளுக்கும் இதைப்போல வழிகள் உண்டு, வாசகமும் எண்ணும் மாறும். மூன்றாவது வழி கட்டணமில்லா எண்ணில் பேசுவது. ஸ்டேட் வங்கிக்கு 1800 1234 அல்லது 1800 2100. கார்டை முடக்கும் சேவை நாள் முழுக்க, விடுமுறை நாளிலும் இருக்கும்.

சித்தப்பாவிடம் ஆப் இல்லை. எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்றால் கடைசி நான்கு எண்கள் அவருக்கு ஞாபகம் இல்லை.

"போன மாசம் பணம் எடுத்தப்ப வந்த மெசேஜைத் திறங்க சித்தப்பா. அதுல கார்டு எண்ணோட வால் இருக்கும்."

இருந்தது. ஏ.டி.எம்.மில் பணம் எடுத்ததும் வரும் குறுஞ்செய்தியில் பல வங்கிகள் கார்டின் கடைசி எண்களைக் குறிப்பிடுகின்றன. கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களும் அதிலேயே இருக்கலாம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவருடைய வங்கியின் எண்ணை நான் சொல்ல, அவர் எழுத்துக்கூட்டி அனுப்பினார். 6.56க்குப் பதில் வந்தது. கார்டு முடக்கப்பட்டது என்ற வரியும் ஒரு புகார் எண்ணும் இருந்தன.

அதுவரை பக்கத்தில் நின்றிருந்த தம்பியைக் காணோம்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு நிமிடம் அவரை நிறுத்திவைத்தேன். மெஷினில் ஒட்டியிருக்கும் ஏ.டி.எம். எண்ணையும் இடத்தின் பெயரையும் படம் எடுக்கச் சொன்னேன். மெஷின் வைத்திருக்கும் வங்கி அங்கே உதவி எண்ணை எழுதிவைத்திருக்க வேண்டும், அதையும் படத்தில் பிடிக்கச் சொன்னேன். அச்சடித்த பலகைக்கும், பேனாவால் கிறுக்கிய நம்பருக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்தவர்தான் சித்தப்பா. நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர் அல்லவா.

கார்டு திரும்பக் கிடைக்குமா?

மெஷின் பிடித்த கார்டு பணம் இருக்கும் பெட்டகத்துக்குள் போவதில்லை. மேல்பகுதியில், கார்டு படிக்கும் கருவிக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டியில் விழுகிறது. அந்தத் தொட்டியை யார், எப்போது திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கார்டு திரும்புமா என்பது இருக்கிறது.

வங்கிக் கிளையோடு ஒட்டிய மெஷின் என்றால் சாவி கிளை ஊழியர்களிடம் இருக்கும். வேலை நேரத்தில், அதே வங்கியின் கார்டு மாட்டியிருந்தால் அன்றே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆதார் போன்ற அடையாள அட்டையும் பாஸ்புக்கும் எடுத்துப் போக வேண்டும். ஊழியர்கள் தொட்டியைத் திறந்து, எடுத்த கார்டுகளைப் பதிவேட்டில் எழுதி, பெயரும் எண்ணும் ஒத்துப்பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க், கடைவீதி என்று தனியாக நிற்கும் மெஷின்களுக்குப் பணம் நிரப்புவது வெளி நிறுவனங்கள். அவர்கள் அடுத்த முறை பணம் நிரப்ப வரும்போதுதான் தொட்டி திறக்கும். கார்டுகளைப் பட்டியலோடு அந்த மெஷினுக்குப் பொறுப்பான கிளையில் ஒப்படைப்பார்கள். இதற்கு நாட்கள் ஆகும். அங்கே காவலுக்கு நிற்பவரிடம் சாவி இருக்காது. 'நானே எடுத்துத் தருகிறேன்' என்று அவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது.

வேறு வங்கியின் மெஷினில் மாட்டினால் கார்டு கைக்கு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்த வங்கிக்கு நாம் யாரென்று தெரியாது. நம் கணக்கையோ கையெழுத்தையோ அவர்களால் சரிபார்க்க முடியாது. பொதுவாக இப்படிப்பட்ட கார்டுகளைச் சிப்பின் மேல் குறுக்காக வெட்டி அழித்துவிடுவார்கள், அல்லது கார்டு கொடுத்த வங்கிக்கு அனுப்பிவைப்பார்கள். வங்கியல்லாத தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெஷின்களிலும் இதே நிலைதான். கார்டு கொடுத்த வங்கியின் உத்தரவால் பிடிக்கப்பட்ட கார்டு எந்த மெஷினில் மாட்டினாலும் திரும்பாது.

சுருக்கமாகச் சொன்னால், நம் வங்கியின் கிளையோடு ஒட்டிய மெஷின், கிளை திறந்திருக்கும் நேரம், திரையில் தெளிவான அறிவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் தற்காலிக முடக்கத்தோடு காத்திருந்து கார்டை மீட்கலாம். ஒன்று குறைந்தாலும் நிரந்தரமாக பிளாக் செய்துவிட்டுப் புதுக் கார்டு கேட்பதே நல்லது. சித்தப்பா விஷயத்தில் மூன்றுமே இல்லை. இரண்டாம் சனி, அடுத்த நாள் ஞாயிறு, வேறு வங்கி மெஷின், திரையில் அறிவிப்பும் இல்லை.

கார்டு திரும்பக் கிடைத்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இடையில் அது யார் கையில் இருந்தது? கார்டின் மேல் உள்ள எண், காலாவதி மாதம், பின்புறத்து மூன்று இலக்கம் மூன்றையும் பார்த்தவர் வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் ஓ.டி.பி. இல்லாமலே பொருள் வாங்க முடியும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம் திறந்துவைத்திருந்தால் போதும். தட்டிச் செலுத்தும் வசதி திறந்திருந்தால் கடைகளில் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும். ஆகவே கார்டு வங்கி ஊழியர் கையிலிருந்து நேராக வரவில்லை என்றால் அதைப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே சரி.

பணம் போயிருந்தால்

இரண்டு விதமாகப் போகலாம். இரண்டுக்கும் விதிகள் வேறு.

முதலாவது, கோளாறு. பணம் எடுக்கும் நடுவில் மெஷின் நின்று, கார்டும் மாட்டி, பணமும் வராமல், கணக்கில் மட்டும் தொகை கழிந்திருக்கும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதையும் நாம் கேட்காமலே தர வேண்டும். மெஷின் யாருடையதாக இருந்தாலும் புகாரை நமக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, திருட்டு. இங்கே 2017 ஜூலையில் வந்த விதி பேசுகிறது. அதன் மையம் நாம் வங்கிக்குச் சொன்ன நேரம். பின் நம்பரை அடுத்தவரிடம் சொன்னது போன்ற கவனக்குறைவு நம்முடையதாக இருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் முழுவதும் நம் தலையில். சொன்ன நொடிக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் தலையில். வங்கி மீதும் தப்பில்லை, நம் மீதும் தப்பில்லை, ஓட்டை வேறெங்கோ என்றால், வங்கியின் குறுஞ்செய்தி வந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டியிருக்கும். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் சொந்தக் கொள்கைதான்.

இதனால்தான் புகார் எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு. புகார் பெற்றதும் எண்ணோடு உடனே பதில் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. சித்தப்பாவின் போனில் இருந்த 6.56 என்ற நேரம், அதற்கு முன் நடந்ததையும் பின் நடந்ததையும் பிரிக்கும் கோடு.

பின் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறது, அதனால் தப்பு உங்களுடையதே என்று சில வங்கிகள் பதில் எழுதும். அந்தப் பதிலோடு திரும்பிவிட வேண்டாம். வாடிக்கையாளர் தப்பு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான் என்கிறது விதி. மெஷின் இருக்கும் அறையின் கேமரா பதிவு இங்கே முக்கியமான சாட்சி, ஆனால் அது குறிப்பிட்ட காலம்தான் இருக்கும். அதனால் முதல் புகாரிலேயே ஏ.டி.எம். எண், தேதி, நேரம் குறிப்பிட்டு, கேமரா பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் அன்றே சொல்ல வேண்டும். வங்கி முப்பது நாட்களில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

புதுக் கார்டு வரும்வரை

கார்டு முடங்கினால் கணக்கு முடங்காது. பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் பணம் எடுக்கும் படிவத்தில் எடுக்கலாம். யு.பி.ஐ. வழக்கம்போல வேலை செய்யும், ஏனென்றால் அதற்குத் தனி பின் இருக்கிறது. பல ஏ.டி.எம்.களில் கார்டு இல்லாமலே, திரையில் வரும் க்யூஆர் கோடைப் போனில் படம்பிடித்து யு.பி.ஐ. மூலம் பணம் எடுக்கும் வசதியும் வந்துவிட்டது.

புதுக் கார்டை ஆப்பிலோ கிளையிலோ கேட்கலாம். கேட்கும் முன் வங்கியில் இருக்கும் நம் முகவரியும் கைபேசி எண்ணும் சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கார்டு தபாலில் அந்த முகவரிக்குத்தான் போகும், பின் அமைக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அவசரம் என்றால் பெயர் அச்சடிக்காத கார்டைச் சில கிளைகளில் கையோடு வாங்கலாம்.

காத்திருக்கும் அந்த வாரத்தில் ஒரு போன் வரலாம். 'சார், உங்கள் புதுக் கார்டு ரெடி, ஆக்டிவேட் செய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்பார்கள். புதுக் கார்டைச் செயல்படுத்த யாரிடமும் ஓ.டி.பி. சொல்ல வேண்டியதில்லை. ஏ.டி.எம்.மிலோ ஆப்பிலோ ஓ.டி.பி.யை நாமே அடித்துப் பின்னை அமைத்துக்கொள்வதுதான் முறை. பழைய பின்னையே மறுபடி வைக்காமல் இருப்பது நல்லது.

புதுக் கார்டின் எண் வேறு. அதனால் பழைய கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும்படி வைத்திருந்தவை நின்றுபோகும், அவற்றைப் புதிதாகப் பதிய வேண்டும். கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படும் கடன் தவணை போன்றவற்றுக்கு இதனால் பாதிப்பில்லை. புதுக் கார்டு வரும்போது இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினில் செருகியும் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்கும். இணையம், வெளிநாடு, தட்டிச் செலுத்துதல் எல்லாம் மூடியே வரும். 2020இலிருந்து இதுதான் விதி. எது தேவையோ அதை மட்டும் திறந்து, தினசரி வரம்பையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை பென்ஷன் எடுக்கிற கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாடு எதற்கு?

அந்தச் சனிக்கிழமை இரவு 7.20க்கும் 7.23க்கும் சித்தப்பாவுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. கார்டு முடக்கப்பட்டிருப்பதால் பரிவர்த்தனை மறுக்கப்பட்டது என்று இரண்டிலும் இருந்தது. திங்கள்கிழமை அந்த மெஷினுக்குப் பொறுப்பான கிளையில் விசாரித்தபோது, தொட்டியில் அவர் கார்டு இல்லை என்றார்கள். அவர் எதுவும் இழக்கவில்லை. கையில் இருந்த இரண்டு குறுஞ்செய்திகளோடு காவல்நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் புதுக் கார்டு தபாலில் வந்தது. அடுத்த முறை மன்னார்குடி போனபோது அவர் போனை வாங்கிப் பார்த்தேன். கார்டின் முதுகில் இருந்த எண்ணை முதல் காரியமாகப் போனில் ஏற்றியிருந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர்: 'அ. மெஷின் முழுங்கினால்'.

"அ எதுக்கு சித்தப்பா?"

"பட்டியல்ல முதல்ல வரணுமில்ல?"